வேர்ச்சொல் மட்டும்

பக்கவாதம் மர்சூடியின் கைகால்களை விட்டுவிட்டு நாக்கைப் பிடித்துக்கொண்டது. யோக்யகர்த்தாவில் வெளிநாட்டவருக்கு இந்தோனேசிய மொழி கற்றுத்தரும் பள்ளியில் பத்தொன்பது வருடம் வாத்தியார். தொடக்க வகுப்பின் பயிற்சித் தாள்கள் அத்தனையும் அவர் எழுதியவை. ஒரு வேர்ச்சொல், பக்கத்தில் கோடிட்ட இடங்கள். முன்னொட்டும் பின்னொட்டும் சேர்த்துப் புதுச்சொல் எழுத வேண்டும்.

பாழாய்ப்போன நோய் அந்த ஒட்டுகளைத்தான் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிற்று. வாயில் வேர் மட்டும் வந்தது. டீக்கடையில் பாதிப்பேர் ஒட்டில்லாமல்தான் பேசுகிறார்கள், அங்கே குறை தெரியவில்லை. வகுப்பில் ஒட்டுதானே பிழைப்பு?

ஏழு மாதம் வீட்டில் கிடந்தவர், வேலை இல்லாவிட்டால் செத்துவிடுவோம் என்றே நம்பினார். தலைமையாசிரியை ரஹாயுனி சோதித்துப் பார்க்க ஒரு மணிநேர வகுப்பு கொடுத்தார். சரியாக வந்தால் திங்கள் முதல் பழைய வகுப்பு அவருக்கே.

பலகையில் முதல் சொல்லை எழுதினார். ‘துலிஸ்’, எழுது. அதிலிருந்து ‘மெனுலிஸ்’, எழுதுவது என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“துலிஸ்.” தொண்டையைச் செருமினார். “துலிஸ்... துலிஸ்.”

ஏழு மாணவர்களும் இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள்.

“மெனுலிஸ்!” என்று ஒருவன் கத்தினான்.

“பெனுலிஸ், எழுதுறவர்!”

“துலிசான், எழுதினது! அடுத்தது குடுங்க சார்!”

அவர் ‘அஜார்’ என்றார். ‘பெலஜார்’, படிப்பது; ‘மெங்ஙஜார்’, கற்றுக்கொடுப்பது; ‘பெங்ஙஜார்’, ஆசிரியர். போட்டி போட்டுக்கொண்டு வந்தன. வகுப்பே அமர்க்களப்பட்டது. வாசலில் நின்ற ரஹாயுனிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மர்சூடிக்கு மட்டும் சட்டை வேர்வையில் ஊறிப்போனது.

முன்வரிசையில் இருந்த ஹான்னே என்ற பெண் கையைத் தூக்கினாள். “சார், மெனுலிஸ்ல அந்த ‘த’ எங்க போச்சு?”

வருடாவருடம் எவனாவது கேட்கும் கேள்வி. முன்னொட்டு வந்து உட்கார்ந்தால் ‘த’ எழுந்து இடம் கொடுத்துவிடும் என்று சொல்லிச் சிரிக்கவைப்பார். பதில் தலைக்குள் முழுசாக இருந்தது. அதைச் சொல்ல ஒட்டு வேண்டுமே; உதடு மட்டும் அசைந்தது. அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். மணி அடித்தது.

“பிரமாதம் சார்!” ரஹாயுனி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க வாயே திறக்கல, பசங்கள பேசவெச்சுட்டீங்க. எங்களுக்கு இது தோணவே இல்ல பாருங்க! திங்கக்கிழமை வந்துடுறீங்கதானே?”

தலையை ஆட்டினால் போதும், வேலை கையில். ஆட்டத்தான் ஆசைப்பட்டார், வெட்கமில்லாமல் ஆசைப்பட்டார். ஆனால் அந்தப் பெண் இன்னும் இடம்விட்டு எழவில்லை. நோட்டில் ‘த’ எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.

“பெலும்” என்றார் மர்சூடி. இன்னும் இல்லை. எந்த ஒட்டும் வேண்டாத சொல், தெளிவாக வந்தது.

அந்த ஊரில் முகத்தில் அடித்தாற்போல் ‘இல்லை’ சொல்ல மாட்டார்கள். கல்யாணமாகாத கிழவியும் ‘இன்னும் இல்லை’ என்றுதான் சொல்வாள். ரஹாயுனிக்குப் புரிந்தது. மெல்ல அவர் கையை விட்டார்.