மெசேஜ் வராவிட்டால் நல்லது என்று அர்த்தம்

எங்கள் அலுவலகம் சிதம்பரத்தில். நான் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறவள். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். ஒருவர் எழுதிய மாற்றத்தை இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அது மென்பொருளில் சேர வேண்டும். அப்படிப் பார்வைக்கு வரும் மாற்றத்துக்கு புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். அந்த வாரம் என்னிடம் வந்தது முழுக்க முழுக்க அழிப்பு. திரை முழுவதும் சிவப்புக் கோடுகள்.

அழிக்கச் சொன்னவர் எங்கள் டீம் லீட். அழித்தவன் என் பக்கத்து மேசைக்காரன். அழிக்கப்பட்டது, நோயாளிகளுக்கு எங்கள் ஆப் வருவதற்கு முன்பிருந்த பழைய எஸ்.எம்.எஸ். அனுப்பும் பகுதி. அதில் பயன்படுத்தியிருந்த ஒரு பழைய நூலகத்தில், அதாவது வெளியார் எழுதிய தயார் நிரல் தொகுப்பில், பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக எச்சரிக்கை வந்திருந்தது. பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று எங்கள் மென்பொருளைப் பார்க்க வரப்போகிறது. அதற்குள் அந்த எச்சரிக்கை மறைய வேண்டும். நூலகத்தைப் புதுப்பிக்க ஒரு வாரம் ஆகும், அழிக்க ஒரு மணி நேரம் போதும். லீட் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

"எங்கயும் கூப்பிடலக்கா, தேடிப் பாத்துட்டேன். டெஸ்டும் எல்லாம் பச்சை" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

பச்சையாகத்தான் இருக்கும். அந்தப் பகுதியைச் சோதிக்கும் கோப்புகளையும் அவனே சேர்த்து அழித்திருந்தான். பரீட்சை எழுதும் பிள்ளையையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு யாரும் பெயிலாகவில்லை என்று சொல்வது போலத்தான். எனக்கு அப்போதே சுர்ரென்றது.

அவன் தேடியது எங்கள் நிரல் கோப்புகளுக்குள் மட்டும். அந்தப் பகுதியின் பெயரை நிரலில் யாரும் நேராக எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் எந்த வழியில் தகவல் போக வேண்டும் என்பது தரவுத்தளத்தில் ஒரு கட்டத்துக்குள் ஒரு சொல்லாக எழுதியிருக்கும். ஓடும்போது அந்தச் சொல்லைப் படித்து, அந்தப் பெயருள்ள பகுதியை நிரல் தேடி எடுக்கும். இப்படிப்பட்டதை நிரல் கோப்புகளில் தேடினால் ஒன்றும் வராது. அதனால் நான் சர்வருக்குள் போய், தானாக ஓடும் வேலைகள் என்னென்ன என்று பார்த்தேன். தினமும் மாலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கள் நிரல் கோப்புகளில் இல்லை. யாரோ எப்போதோ சர்வரிலேயே நேராக எழுதி வைத்தது. அது தோற்றுப்போனால் எச்சரிக்கை அஞ்சல் எங்கே போகும் என்றும் பார்த்தேன். வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவருடைய பெட்டிக்குப் போகும்.

அந்த மாலை வேலை என்ன செய்கிறது என்று கேட்க, எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும், கீழ்த்தளத்திலேயே இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பாளராக இருக்கும் அம்மா சொன்னார். இதயத்தில் வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போனால் கசிய ஆரம்பிக்கும். அதனால் அவ்வப்போது வந்து பரிசோதனைக்குக் கொடுப்பார்கள். முடிவு சரியாக இருந்தால் மெசேஜ் கிடையாது. நீர்த்த அளவு கூடியிருந்தால் மட்டும் மாலையில் ஒரு மெசேஜ்: இன்று மாத்திரை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். அவர்களுடைய டாக்டர் வைத்த ஏற்பாடு அது. "மங்கலம்பேட்டை, கம்மாபுரம் பக்கத்திலேர்ந்து வர்றவுங்க. பட்டன் போன்தான் வச்சிருக்காங்க. மெசேஜ் வரலன்னா பழையபடியே போட்டுக்குவாங்க" என்றார் அந்த அம்மா.

மேலே வந்து புல் ரிக்வெஸ்ட்டில் 'மாற்றம் தேவை' என்று தடை போட்டேன். மாலை வேலையைச் சொன்னேன், ஏற்பாட்டைச் சொன்னேன். எத்தனை பேருக்கு எஸ்.எம்.எஸ். மட்டுமே வழி என்று தரவுத்தளத்தில் எண்ணிப் பாருங்கள், அவர்களுக்கு வேறு வழி செய்து, அது ஓடுவதைப் பார்த்த பிறகு அழியுங்கள் என்று எழுதினேன்.

லீட் என் மேசைக்கே வந்தார். "டாஷ்போர்டு கணக்குல அதை ஒருத்தரும் யூஸ் பண்ணல மேடம்."

"டாஷ்போர்டு ஆப் திறக்கறவங்களைத்தான் எண்ணுது சார். இவுங்க ஆப்பையே திறக்கறதில்ல."

"சரி, எடுத்துப் பாப்போம். வேணும்னா எவனாவது கத்துவான். அப்ப திருப்பிப் போட்டுக்கலாம்."

இந்தத் தொழிலில் இது ஒரு வழக்கம். யாருக்கு வேண்டும் என்று தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு, சத்தம் வருகிறதா என்று காத்திருப்பது. கணக்குப் பிரிவு அச்சடிக்கும் அறிக்கைக்கு அது சரி. இங்கே மெசேஜ் வராததுதான் நல்ல செய்தி. நல்ல செய்தி கிடைத்தவன் எதற்குக் கத்துவான்? இதை மூன்று விதமாகச் சொன்னேன். மூன்று முறையும் தலையை ஆட்டினார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி.

மறுநாள் காலை பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டும்போது போனில் அறிவிப்பைப் பார்த்தேன். என் தடையைத் தாண்டி, தனக்கிருந்த நிர்வாக அதிகாரத்தால் முந்தின நாள் நான் வீட்டுக்குக் கிளம்பிய கையோடு லீட் அதைச் சேர்த்துவிட்டிருந்தார். சர்வரிலும் ஏற்றியாகிவிட்டது. அதாவது நேற்று மாலை வேலை ஓடித் தோற்றிருக்கிறது. பஸ்ஸில் இருந்தவர்கள் பார்க்கட்டும் என்று வாய்விட்டே திட்டினேன்.

அலுவலகத்துக்கு ஏறாமல் நேராக ஆய்வுக்கூடத்துக்குள் போனேன். பொறுப்பாளர் அம்மா நேற்றைய முடிவுகளைப் புரட்டினார். ஒருவருக்கு அளவு ரொம்பவே கூடியிருந்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். உடனே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஐயா, லேப்லேர்ந்து பேசறேன். நேத்து சாயங்காலம் மாத்திர போட்டீங்களா?"

"போட்டேனே. மெசேஜ் ஒண்ணும் வரல, நல்லாருக்குன்னுதானே அர்த்தம்?"

"இல்லீங்கய்யா. ஜாஸ்தியா இருக்கு. மெசேஜ்தான் வராம போயிடுச்சி. இனிமே மாத்திரய தொடாதீங்க. எங்கனா ரத்தம் வருதா?"

"பல்லு வெளக்கறப்ப வருதும்மா. ரெண்டு நாளா வருது. மெசேஜ் வந்துருந்தா நிறுத்தியிருப்பேன். வரலியே, அதான் பல்லுல ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்."

அடுத்த வண்டியிலேயே மகனைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு டாக்டரிடம் வரச் சொன்னார் அந்த அம்மா. டாக்டருக்கும் போன் செய்து சொல்லிவிட்டார். நான் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, அழித்ததையெல்லாம் திருப்பிக் கொண்டுவரும் மாற்றத்தை எழுதினேன். எச்சரிக்கை அஞ்சலை என் பெட்டிக்கு மாற்றினேன். பிறகு படியேறினேன்.

லீட் டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். பாதுகாப்பு எச்சரிக்கை மறைந்துவிட்டதல்லவா. என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பாத்தீங்களா மேடம், நேத்து எடுத்தது. இதுவரைக்கும் ஒரு போன் வரல."

"வராது சார்" என்றேன். "குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒருத்தருக்கு ஈறுல ரத்தம் வந்துக்கிட்டே இருக்கு. அந்த ஆளு நம்மள நம்பி மாத்திரய போட்டுக்கிட்டு படுத்துட்டாரு."