நாலாயிரத்து முந்நூற்று இருபது படங்கள்

ஆறு நிமிட அசைவூட்ட ஆவணப்படம் ஒன்றுக்குக் கொழும்பு நிதியம் ஒன்றிடம் உதவித்தொகை கேட்டு நான் எழுதிய விண்ணப்பத்தில் கதைச்சுருக்கம் அருமையாக வந்திருந்தது. நானே இரண்டு இடத்தில் அழுதேன். பிரச்சினை அதற்கு அடுத்த பக்கத்தில் தொடங்கியது. வரவு செலவுத் திட்டமும் அதற்கான நியாயமும் எழுத வேண்டும்: ஒவ்வொரு செலவுக்கும் எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, ஏன் அவ்வளவு, அந்த விலையை எங்கே விசாரித்தீர்கள். பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவளுக்கு நியாயம் எழுதுவது ஒரு பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

படம் நெடுந்தீவில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மருத்துவமாதுவைப் பற்றியது. கடல் கொந்தளித்த நாட்களில் பிரசவ வலி எடுத்த பெண்களை வள்ளத்தில் ஏற்றிக் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். அந்தக் கடலை அன்று யாரும் படம் பிடிக்கவில்லை. வள்ளத்தில் பிள்ளை பெற்ற பெண்களோ கமராவுக்கு முகம் காட்டமாட்டோம் என்றுவிட்டார்கள். வரைவதைத் தவிர வேறு வழியில்லை. "ஏன் அசைவூட்டம்?" என்ற கேள்விக்கு இதையே எழுதினேன், நல்ல பதில்தான்.

சாப்பாட்டுச் செலவுக்கு வந்தபோது நெடுந்தீவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒலிப்பதிவுக்கு வரும் நாட்களில் மூன்று பேருக்குச் சாப்பாட்டுக்கு என்ன போடலாம் என்று மருத்துவமாதுவிடம் கேட்டேன்.

"என்ர வீட்டில சாப்பிடுறதுக்குக் காசு எழுதுவீரோ? அப்பிடியெண்டா நீர் வரவேண்டாம் பிள்ளை" என்று வைத்துவிட்டார்.

சாப்பாடு, பூச்சியம் என்று எழுதினேன். நியாயம்: உபசரிப்பு. எங்கள் தீவுகளின் பண்பாட்டைக் கொழும்புக்கு விளக்கிவிட்ட பெருமை எனக்கு.

அடுத்தது ஓவியர். ஊர்காவற்றுறைக்காரி, மீன்பிடிக் குடும்பம். வீட்டு முன்னறையில் வரைபலகையை மடியில் வைத்துக்கொண்டு கலியாண அழைப்பிதழில் இருந்து கடை விளம்பரம் வரைக்கும் கீறிக்கொடுப்பவள். விண்ணப்பத்தோடு ஒரு மாதிரித் துண்டு அனுப்ப வேண்டும் என்றதும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு இருந்து ஆறு விநாடி வரைந்து தந்தாள். அலையில் எழும்பும் வள்ளம், நனைந்த சேலை, குழந்தையின் தலையைத் தாங்கும் இரண்டு கைகள். அதற்கு ஒரு சதம் கேட்கவில்லை. நானும் ஒரு சதம் கொடுக்கவில்லை. முழுப் படத்துக்கு எவ்வளவு எழுதட்டும் என்று கேட்டபோது, "நீங்கள் பாத்துத் தாங்கோவன் அக்கா" என்றாள்.

தீவுப்பகுதியில் இது எல்லோரும் சொல்வது. கிணறு இறைப்பவரும் சொல்வார், மேசன்மாரும் சொல்வார்கள். வாய் திறந்து விலை சொல்வது அவர்களுக்கு மரியாதைக் குறைவு, ஆகவே கொடுப்பவர் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதுதான் முறை. நான் முறை தெரிந்தவள். ஓவியர், இரண்டு மாதம், மாதம் முப்பதாயிரம் என்று எழுதினேன். ஒலிக்கலவைக்குக் கொழும்புக் கூடம் ஒன்று முத்திரை குத்திய விலைப்பட்டியல் அனுப்பியிருந்தது. மூன்று நாளுக்குத் தொண்ணூறாயிரம். முத்திரை குத்தியிருக்கிறார்களே என்று அதை அப்படியே போட்டேன். இயக்குநர் என்ற பெயரில் எனக்கு ஒன்றரை லட்சம். என்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும், விசாரிக்கத் தேவைப்படவில்லை.

முதற்கட்டத் தேர்வில் தேறினோம். மாதிரித் துண்டு குழுவுக்கு மிகவும் பிடித்ததாம். காணொளி அழைப்பில் திட்ட அலுவலரான ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். ஓவியரும் அழைப்பில் இருந்தாள், கமராவை மூடிவைத்திருந்தாள்.

"சாப்பாட்டைப் பூச்சியம் என்று போடாதீர்கள். அதற்கு ஒரு பெறுமதி கணித்து, சமூகத்தின் பங்களிப்பு என்று காட்டுங்கள்" என்றார் அலுவலர். பிறகு, "விநாடிக்குப் பன்னிரண்டு படம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறு நிமிடத்துக்கு நாலாயிரத்து முந்நூற்று இருபது படம். ஒரு ஆள் இரண்டு மாதத்தில் எப்படி வரைவார்?"

நான் அந்தக் கணக்கைப் போட்டே பார்த்திருக்கவில்லை.

"மூன்று நாள் ஒலிக்கலவையைவிட முழுப்படத்தையும் வரைபவருக்குக் குறைவாக இருக்கிறதே. அவர் உங்கள் சொந்தக்காரரா?"

"இல்லை, எங்கட பிள்ளைதான். விருப்பத்தில செய்யிறா" என்றேன். சொன்னபோது அது புகழ்ச்சி போலத்தான் இருந்தது. இப்படியே கொடுத்தால் குழு நம்பாது, திங்கட்கிழமைக்குள் திருத்தி அனுப்புங்கள் என்றார் அலுவலர்.

அடுத்த நாள் பின்னேரம் புங்குடுதீவில் இருந்து பஸ் ஏறி, வேலணையில் மாறி, ஊர்காவற்றுறைக்குப் போனேன். ஒரு பெட்டி கேக்கும் வாங்கிப்போனேன். செய்த வேலைக்குக் கேக் கொடுத்துச் சமாளித்துப் பழகிய கை.

அவள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, தாளும் பேனையும் எடுத்தாள்.

"ஒரு நாளைக்கு மூண்டு விநாடிதான் ஒழுங்காக் கீறலாம் அக்கா. ஆறு நிமிசத்துக்கு நூற்றிருபது நாள். மாசம் இருவது நாள் வேலை எண்டாலும் ஆறு மாசம்."

"மாசம் எவ்வளவு போடட்டும்?"

தாளைப் பார்த்தபடி, "ஒரு லட்சம்" என்றாள்.

"கொஞ்சம் குறைக்கேலாதோ?" என்று என் வாய் என்னைக் கேளாமலே கேட்டது. அவள் ஒரு லட்சத்தைத் தாளில் எழுதிக் கீழே கோடு போட்டாள். எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

படத்தை நாலு நிமிடமாக்கினோம். எண்பது நாள், நாலு மாதம், நாலு லட்சம். என் ஒன்றரை லட்சத்தை வெட்டினேன், ஒரேயடியாகத் தியாகியாகிவிடலாம் என்று. அவள் தடுத்தாள். "நீங்கள் சும்மா செய்தா, பிறகு மற்றாக்களையும் சும்மா செய்யச் சொல்லுவியள். ஐம்பதாயிரம் எண்டாலும் எழுதுங்கோ." நியாயத்தையும் அவளே சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒரு விநாடிக்கு எத்தனை படம், ஒரு படத்துக்கு எத்தனை நிமிடம், நிறந்தீட்ட எவ்வளவு, அழிந்துபோனால் திரும்ப வரைய எவ்வளவு. நான் எழுதிய கதைச்சுருக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

முடிந்ததும்தான் சொன்னாள். கொழும்பில் ஒரு நிறுவனம், சின்னப் பிள்ளைகளின் பாட்டுக்குப் படம் கீறும் வேலை, மாதச் சம்பளம். வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"இந்தக் காசு எப்ப வரும்?"

"முடிவு சொல்ல நாலு மாசம் எண்டவை."

"வராட்டி?"

வரும் என்றேன். எனக்கும் அது தெரியாது.

"கிடைக்குமோ கிடைக்காதோ எண்டது வேற அக்கா. இந்தத் தாளை நீங்கள் ஒரு மாசத்துக்கு முந்திக் கொண்டுவந்திருந்தா, நான் அவையளுக்கு எழுதியே இருக்கமாட்டன்."

கேக் பெட்டியை அவளுடைய அம்மா தேத்தண்ணியோடு திறந்து வைத்தார். மூவரும் சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமை அவள் அந்த நிறுவனத்துக்குச் சம்மதம் எழுதினாள். அடுத்த மாதம் கொழும்புக்குப் போனாள்.

உதவித்தொகை கிடைத்தது. ஓவியருக்கான செலவை இவ்வளவு தெளிவாக நியாயப்படுத்திய விண்ணப்பம் தங்களுக்கு வந்ததில்லை என்று கடிதத்தில் பாராட்டியிருந்தார்கள். பாராட்டைப் பெற்றுக்கொண்ட பெருந்தகை நான்தான். கடிதத்தோடு இன்னொரு படிவமும் இருந்தது. குழுவில் யாரும் மாறியிருந்தால் யார், காரணம் என்ன, ஐம்பது சொற்களுக்குள் எழுத வேண்டும்.

தனிப்பட்ட காரணங்கள் என்று முதலில் எழுதி, அழித்தேன். வேறு வேலை கிடைத்தது என்று எழுதி, அதையும் அழித்தேன். இரண்டும் பொய் இல்லை. கடைசியில், "இந்த வேலைக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் கேட்டேன், அதற்குள் அவர் வேறு வேலைக்கு எழுதிவிட்டார்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஐம்பது சொல் தேவைப்படவில்லை.