மூன்றாவது ஃபேன்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருந்தபோது, ஒரு ஃபேன் என் உயிரை வாங்கியது.

லைன் சூப்பர்வைசர் அம்மா, "மூணாவது ஃபேன் ஓடல" என்று கம்பெனி ஆப்பில் புகார் போடுவார். எங்கள் எலக்ட்ரீஷியன் போய்ப் பார்த்து, ஃபேன் ஓடுகிறது என்று எழுதிப் புகாரை முடித்துவிடுவார். மறுநாள் அதே புகார் திரும்ப வரும்.

"ஆளுங்க வேர்வையில நனைஞ்சிகினு கீறாங்க சார்" என்பார் அந்த அம்மா.

"நல்லா சுத்துது சார், நானே கீழ நின்னு காத்து வாங்கினேன்" என்பார் இவர்.

யாரோ ஒருவர் புளுகுகிறார், யார் என்று தெரியவில்லை. அதனால் இருவரையும் திட்டினேன். இனிமேல் போட்டோ இணைக்காமல் எந்தப் புகாரையும் முடிக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

அன்று மாலையே போட்டோ வந்தது. ஃபேன் சுற்றும் வேகத்தில் இறக்கைகள் கலங்கித் தெரிந்தன. பின்னால் கேன்டீன் கதவு.

அந்த அம்மா பார்த்துவிட்டு, "இது எங்க ஃபேனே இல்ல சார். நாங்க கேட்லேர்ந்து எண்ணுவோம்" என்றார்.

"நான் கேன்டீன் வழியாத்தான வரேன்? அங்கேர்ந்துதான் எண்ணுவேன்" என்றார் எலக்ட்ரீஷியன்.

ஓடாத ஃபேனுக்குக் கெப்பாசிட்டர் மாற்றச் சிறிது நேரம்தான் ஆனது. கேட் தெரியும்படி போட்டோவும் எடுத்து அனுப்பினார்.

அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் லீவு கேட்டார். ஆப்பில் அனுமதி கொடுத்துவிட்டேன், போகலாம் என்றேன். அவர் நகரவில்லை.

"ஸ்கிரீன்ஷாட் ஒண்ணு அனுப்பிடுங்க சார்."