கிலோமீட்டருக்குப் பத்தொன்பது

அவளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்தது. ஆனால் அந்த டாக்சி ஷெட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அங்கே அவள் 'பேட்டரி'. கம்பெனியின் ஒரே கரன்ட் காரை ஓட்டுகிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? முதலில் கோபம் வந்தது, அப்புறம் பழகிவிட்டது. ஒருநாள் மகளே போனில் "பேட்டரி அம்மா, எப்ப வருவே?" என்று கேட்டாள். சிரிப்பதா அழுவதா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அன்று காலை முதலாளி நாலு டிரைவர்களையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, சுழலாத ஒரு ஃபேன், சுவரில் ஒரு சாவிப் பலகை. பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்து, யார் எந்தச் சவாரிக்குப் போவது என்று முடிவு பண்ணுகிறவள் முதலாளியின் அக்கா. எல்லாருக்கும் அவள் 'போர்டு அக்கா'.

"அஞ்சு வருஷம் ஆச்சு. நாலு வண்டி, நாலு விதமான எரிபொருள். எது கட்டுபடியாகுதுன்னு கணக்குப் போட்டுட்டேன்" என்றார் முதலாளி. வண்டி வாங்கின விலையில் இப்போது விற்றால் வரும் பணத்தைக் கழித்து, இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், எரிபொருள் எல்லாவற்றையும் கூட்டி, ஓடின கிலோமீட்டரால் வகுத்திருந்தார். கணக்கில் தப்பே கிடையாது. பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய். டீசலுக்கு ஒன்பது. கேஸ் வண்டிக்கு எட்டு. கரன்ட் காருக்குப் பத்தொன்பது.

"பத்தொன்பதா!" என்று கேஸ் வண்டிக்காரன் வாயைப் பிளந்தான்.

"ஆமா. மாசக் கடைசியில அதை வித்துடலாம்னு இருக்கேன். வண்டி மூணு, டிரைவர் மூணு." முதலாளி இதை அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அவள் புருஷனின் செல்போன் ரிப்பேர் கடை வாடகைக்கே முக்கி முனகுகிறது, மகளின் ஸ்கூல் பீஸ் இவள் சம்பளத்தில் போகிறது. சம்பளமும் என்ன சம்பளம்! அடிப்படையாகக் கொஞ்சம், அதற்கு மேல் ஓட்டின கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று காசு. அந்தக் காசுதான் அவளுக்கு எப்போதும் சொற்பமாகவே வரும். ஏன் சொற்பம் என்பதிலேதான் சங்கதி எல்லாமே இருந்தது.

அவள் வருவதற்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டின ஒரு புண்ணியவான் ராத்திரி சார்ஜ் போட மறந்துவிட்டு, பயணியோடு பாலத்துக்கு நடுவில் நின்றுவிட்டான். அவனும் வேலையை விட்டுப் போய் எத்தனையோ காலமாயிற்று. ஆனால் போர்டு அக்கா மனசில் அந்த வண்டி இன்னும் பாலத்துக்கு நடுவில்தான் நிற்கிறது. ஏர்போர்ட்டா? "வேண்டாம்மா, சார்ஜ் போயிடும்." ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையா? "சார்ஜ் போயிடும்." ஒருதரம் சார்ஜ் போட்டால் இருநூறு கிலோமீட்டர் அலுங்காமல் ஓடுகிற வண்டிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து பக்கத்துத் தெரு, பக்கத்துத் தெருவிலிருந்து பாங்க். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடினால் பெரிசு.

"முதலாளி, ஓடவிட்டாத்தானே கணக்கு இறங்கும்? டீசல் வண்டி என் வண்டியை மாதிரி நாலு மடங்கு ஓடியிருக்கு. இன்ஷூரன்ஸும் வண்டி விலையும் நின்னாலும் ஆகும், ஓடினாலும் ஆகும். கரன்ட் செலவை மட்டும் பாருங்க. ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் போகுது. நம்ம ஷெட்டுல சார்ஜ் போட்டா கிலோமீட்டருக்கு ஒண்ணேகால், மிஞ்சிப் போனா ஒண்ணரை. பெட்ரோலுக்கு ஏழு ஆகுது!"

"கேஸுக்கு நாலுதான்" என்றான் கேஸ் வண்டிக்காரன்.

"அதுவும் தினம் ஒரு மணி நேரம் பம்ப்புல வரிசையில நிக்கிறியே, அதைச் சேர்த்தா?"

டீசல் வண்டியை ஓட்டுகிறவர், எல்லாருக்கும் மூத்தவர், 'டீசல் மாமா', தொண்டையைச் செருமினார். "பொண்ணு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கொஞ்ச நாளைக்கு வண்டியை மாத்தி ஓட்டிப் பாக்கலாமே? அவ வண்டியை நான் எடுக்கிறேன், என்னதை அவ எடுக்கட்டும்."

முதலாளி யோசித்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் கண்ணுக்கு எதிரே எண் வந்தால்தான் எதையும் நம்புவார். "சரி, மூணு மாசம்" என்றார்.

அவளுக்கு ஒரே குஷி. அன்று மகளுக்குப் பிடித்த பிஸ்கட்டெல்லாம் வாங்கிக்கொண்டு போனாள். எத்தனை சீக்கிரம் சந்தோஷப்பட்டுவிட்டோம் என்று பின்னால் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

டீசல் மாமா கரன்ட் காரில் ஏறினார். முதல் நாள், "என்னய்யா இது, சத்தமே இல்லை, வண்டி ஓடுதா தூங்குதான்னே தெரியலை" என்று அலுத்துக்கொண்டார். இரண்டாம் வாரம் அதைத் துணி போட்டுத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். காலையில் ஏர்போர்ட், பகலில் தொழிற்பேட்டை, சாயங்காலம் மறுபடி ஏர்போர்ட். ஷெட்டில் ராத்திரி முழுக்க சார்ஜில் கிடக்கும், விடிந்தால் கிளம்பிவிடும். பாலத்துக்கு நடுவில் ஒருநாளும் நிற்கவில்லை. போர்டு அக்கா 'சார்ஜ்' என்ற வார்த்தையையே மறந்துபோனாள்.

சரி, டீசல் வண்டி? தினம் நூற்று அறுபது கிலோமீட்டர் ஓடிப் பழகின வண்டி. அவள் கைக்கு வந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து பக்கத்துத் தெரு, பக்கத்துத் தெருவிலிருந்து பாங்க்!

"அக்கா, இதுதான் டீசல் வண்டியாச்சே. தூரமாக் கொடுங்களேன்."

"இன்னிக்கு இதுதாம்மா இருக்கு. நாளைக்குப் பாக்கலாம்."

நாளைக்கும் அதேதான். புகை வெளியே போகிற குழாயில் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி ஒன்று டீசல் வண்டியில் உண்டு. வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால் அந்தக் கரி தானே சூடேறி எரிந்துபோகும். நாலு தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தால் எரியாது, சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அவள் நேரே சாவிப் பலகைக்கு ஓடினாள்.

"அக்கா, ஒரே ஒரு ஏர்போர்ட் சவாரி கொடுங்க. பைபாஸ்ல அரை மணி நேரம் ஓட்டினா இந்த விளக்கு அணைஞ்சிடும்."

"விளக்கு எரியுற வண்டியை ஏர்போர்ட்டுக்கு அனுப்பச் சொல்றியா? நடுவழியில நின்னா யாரு பதில் சொல்றது?"

"தூரம் ஓடலைன்னுதான் விளக்கே எரியுது!"

"விளக்கு அணையட்டும், அப்புறம் தூரமாக் கொடுக்கிறேன்."

அவளுக்கு மண்டை காய்ந்தது. வெளியே வந்து வண்டிச் சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டாள், கால் கட்டைவிரல் வீங்கிப்போனதுதான் மிச்சம். நாலாம் நாள் வண்டி இழுக்கவே மாட்டேன் என்றது. மெக்கானிக் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, ஒரு பெரிய பில்லை நீட்டினான்.

மூன்று மாசம் முடிந்தது. மறுபடி அதே ஆபீஸ் ரூம், அதே சுழலாத ஃபேன். முதலாளி முகமெல்லாம் சிரிப்பு.

"பேட்டரி, நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி! கரன்ட் கார் கிலோமீட்டருக்கு ஆறுதான் வந்திருக்கு. நாலுலயும் இதுதான் சல்லிசு. இன்னும் ரெண்டு கரன்ட் கார் வாங்கப் போறேன். கேஸும் பெட்ரோலும் ஓட்டறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. இப்ப இருக்கிற கரன்ட் கார் மாமாகிட்டயே இருக்கட்டும்."

கேஸ் வண்டிக்காரனும் பெட்ரோல் வண்டிக்காரனும் ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டிக்கொண்டார்கள். அவள் காத்திருந்தாள். தன் பேர் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

"இந்த டீசல்தான் மோசம்" என்றார் முதலாளி. "மூணு மாசத்துல கிலோமீட்டருக்கு இருபத்தஞ்சு! மாமா ஓட்டினப்ப ஒன்பதுதானே ஆச்சு? மூணு பழைய வண்டியையும் தள்ளிவிட்டுடலாம். உனக்கு என்னமோம்மா, எந்த வண்டியை எடுத்தாலும் கணக்கு ஏறிடுது. கை ராசின்னு சொல்லலை..."

டீசல் மாமா தரையைப் பார்த்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷமும் அந்த வண்டிக்காகத்தான் சண்டை போடுகிறோம் என்று நினைத்திருந்தாள். பேட்டரி நல்ல பேட்டரி, யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர், ஒண்ணேகால், ஒண்ணரை என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டே இருந்தாள். ஜெயித்ததும் வண்டிதான். வண்டிக்கு இன்னும் இரண்டு கூட்டாளிகள்கூட வரப் போகிறார்கள். அவளுக்கு ஒரு சாவிகூட இல்லை.

"முதலாளி" என்றாள். "நீங்க வண்டியை மாத்திப் பாத்தீங்க. சவாரியை மாத்திப் பாக்கவே இல்லையே. கரன்ட் கார்ல இருந்தப்பவும் எனக்குப் பக்கத்துத் தெரு, டீசல்ல இருந்தப்பவும் பக்கத்துத் தெரு. நாளைக்கு ராக்கெட்டைக் கொடுத்தாலும் என்னை பாங்க்குக்குத்தான் அனுப்புவாங்க. எந்த வண்டியா இருந்தா என்ன, கிலோமீட்டருக்கு எக்கச்சக்கமாத்தான் ஆகும்!"

முதலாளி கால்குலேட்டரிலிருந்து கையை எடுத்தார். திரும்பி அக்காவைப் பார்த்தார்.

போர்டு அக்கா முந்தானையை இழுத்துச் சரிபண்ணினாள். "நான் கெட்ட எண்ணத்துல பண்ணலைடா" என்றாள் தம்பியிடம். பிறகு அவளிடம், "சின்னக் குழந்தையை வச்சிருக்கிறவ. தூரமா அனுப்பிட்டு நான்தானே பதைபதைச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்? கிட்டக் கிட்டப் போய்ட்டு நேரத்தோட வீட்டுக்குப் போகட்டுமேன்னு பாவம் பாத்துக் கொடுத்தேன்மா."

"அப்போ சார்ஜ்?"

"சார்ஜும்தான்... முதல்ல அதுதான். அப்புறம் அப்படியே பழகிப்போச்சு."

"என் பொண்ணுக்கு பீஸ் கட்ட முடியாம நான் முழி பிதுங்கி நிக்கிறேன்கா. உங்க பாவத்தை வச்சு நான் என்ன பண்றது?"

அக்காவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து மேசை மேலிருந்த போன் அடித்தது. அக்கா எடுத்தாள். "ஆமாங்க... ஏர்போர்ட்டா? ரெண்டு பெட்டி, சரிங்க. அரை மணியில வண்டி வரும்." போனை வைத்துவிட்டுப் பழக்க தோஷத்தில் டீசல் மாமா பக்கம் திரும்பினாள். மாமா சட்டென்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா எழுந்து பலகை முன்னால் போய் நின்றாள். நாலு சாவியும் தொங்கிக்கொண்டிருந்தன.

"எந்த வண்டிம்மா வேணும்?"

அவள் கையை நீட்டினாள்.

"எதை வேணாலும் கொடுங்க. தூரம் என்னுதா இருக்கணும்."