பூக்காத வாரம்

எங்கள் காப்பித் தோட்டத்து பங்களாவில் தங்க வருகிறவர்களை வரவேற்பது, பெட்டி தூக்குவது, குழாய் ஒழுகினால் திட்டு வாங்குவது எல்லாம் ஒரே ஆள்தான். சாவிக்கொத்து எந்நேரமும் இடுப்பில் தொங்குவதால் அவர் சாவியண்ணன். நான் அங்கே சமையல். அவர் புலம்பலுக்குக் காது கொடுப்பதும் என் வேலைதான்.

வருகிறவர்கள் காரை விட்டு இறங்கும்போதே, "இது நாளைக்கே கிளம்பிடும்" என்று அவர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் தப்பாது. இங்கே டிவி இல்லை. போன் பேச ரோட்டு வளைவு வரை நடக்க வேண்டும். காலையில் வேலையாட்கள் செடிகளுக்குள் போய்விட்டால், சாயங்காலம் வரை கிளை வெட்டும் சத்தம்தான். அறுவடைக் காலத்தில் வந்தாலோ, அன்று பறித்த பழத்தை அன்றே தோல் உரிக்க வேண்டும் என்பதால் இருட்டிய பிறகும் மெஷின் கத்தும். சும்மா உட்காரத் தெரிந்தவர்களுக்கு இது சொர்க்கம், மற்றவர்களுக்கு ஜெயில்.

பூக்கும் பருவத்துக்குத்தான் கூட்டம் அலைமோதும். கோடையின் முதல் மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் போனில் யார் கேட்டாலும், "வாங்க, பூத்துடும்" என்று சொல்லச் சொல்லி முதலாளி உத்தரவு.

இந்த வருஷம் முதலாளி மனசு வைத்து, காலியாக இருந்த அறையில் சாவியண்ணனின் மகளைத் தங்கவிட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், தாயில்லாத பெண். அவளுக்குப் பூவைக் காட்டிவிட வேண்டும் என்று அண்ணனுக்குக் கொள்ளை ஆசை. மழை ஏமாற்றிவிட்டது.

அவளோ வந்ததிலிருந்து தூக்கம். சாப்பிட எழுந்தாள், மறுபடியும் தூங்கினாள். அண்ணன் முகம் தொங்கிப்போனது.

"அவளுக்கு இங்க பிடிக்கல போல."

"பிடிக்காத இடத்துல இப்படித் தூங்குவாங்களா? மூஞ்சியப் பாத்தீங்களா, கண்ணு உள்ள போயிருக்கு" என்றேன். எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று மாலை அவளே வந்து கேட்டாள். "அப்பா, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமா?"

பூ பார்க்க மறுநாள் ஒரு குடும்பம் அதே அறைக்கு வருவதைச் சொன்னார். அவள் புரிந்துகொண்டு, பை கட்டப் போய்விட்டாள்.

அந்தக் குடும்பத்தை வர வேண்டாம் என்று போனில் சொல்ல, அண்ணன் ரோட்டு வளைவுக்கு நடந்தார். நடுவழியில் மனம் மாறிவிடுவாரோ என்று நானும் கூடவே போனேன்.

"சார், பூக்கல. மழையே இல்ல. வந்தா காஞ்ச இலையத்தான் பாக்கணும். மழை பெஞ்சதும் நானே கூப்பிடறேன்."

அந்தப் பக்கம் சத்தம் போட்டார்கள், முதலாளியிடம் சொல்வதாக மிரட்டினார்கள், கடைசியில் வரவில்லை என்றார்கள்.

திரும்பி வந்தபோது அவள் பையை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "அவங்க வரலம்மா, நீ இரு" என்றார். ஏன் என்றுகூட அவள் கேட்கவில்லை. பையைக் கீழே தள்ளிவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"முதலாளி திட்டுவாரு" என்றேன்.

"திட்டட்டும்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போன்ல நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா."