ஐம்பத்திரண்டாவது பாட்டில்

மேலப்பாளையத்தில் யாருக்காவது அவசரமாக ரத்தம் வேண்டுமென்றால் முதல் போன் சிராஜுதீனுக்குத்தான் போகும். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணித் தேக்சாவும் அண்டாவும் வாடகைக்கு விடுகிறவர். ஐம்பத்தொரு தடவை ரத்தம் கொடுத்தவர். எண்ணிக்கையைத் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டால் சொல்லாமல் விடவும் மாட்டார்.

அறுபத்திரண்டாம் வயதில் ஜமாஅத் நடத்திய முகாமுக்குப் போனார். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், "பாய், உங்களுக்கே ரத்தம் பத்தாது. ஹீமோகுளோபின் பத்துதான் இருக்கு, பன்னிரண்டரை வேணும். மொதல்ல டாக்டரப் பாருங்க" என்று எழுப்பி விட்டுவிட்டாள். வரிசை முழுக்கத் தெரிந்த முகங்கள். மானம் போன மனுஷனுக்கு டாக்டரைப் பாருங்கள் என்ற பேச்சு காதில் ஏறவேயில்லை.

காரணம்தான் ஊருக்கே தெரியுமே! "அள்ளி அள்ளிக் குடுத்தா உடம்புல என்ன மிஞ்சும் வே?" என்றார் கறிக்கடை ஷேக் மைதீன். அன்று முதல் ஆட்டு ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் சிராஜுதீனுக்கென்று தனியாக எடுத்து வைத்தார். மருந்துக் கடையில் இரும்புச்சத்து மாத்திரை கேட்டு வாங்கினார் இவர். மலம் கறுத்தது. மாத்திரை போட்டால் அப்படித்தான் என்றார்கள், அதுவும் உண்மைதான். வயிற்றில் வலி கிடையாது, ரத்தம் கண்ணில் பட்டதும் கிடையாது. நாலு மாதத்தில் பன்னிரண்டு புள்ளி ஏழு. அடுத்த முகாமில் ராஜா மாதிரி படுத்து ஐம்பத்திரண்டாவது பாட்டிலைக் கொடுத்தார். கொடுத்த கையோடு மாத்திரையையும் நிறுத்தினார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? மீட்டரில் முள் ஏறிவிட்டால் வண்டி சரியாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் நாம்.

அதன்பிறகு முகாம் பக்கமே போகவில்லை, போக உடம்பில் தெம்பில்லை. பத்தாவது மாதம், ஒரு வெறும் தேக்சாவைத் தூக்கப் போய் மூச்சு வாங்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி மும்தாஜ் பேகம் ஒரு ஆட்டோவைப் பிடித்து அவரை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

டாக்டர் இசக்கிச்செல்வி ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தார். எட்டு. உடம்பில் இரும்புச் சேமிப்பு சுத்தமாகக் காலி.

"நான் ரத்தம் குடுக்கவன்மா, அதான்" என்றார் சிராஜுதீன்.

"கடைசியா எப்பக் குடுத்தீங்க?"

"பத்து மாசம் இருக்கும்."

"அந்த ஒரு பாட்டில உடம்பு இதுக்குள்ள ஈடு கட்டியிருக்கும். பத்து மாசமா நீங்க யாருக்கும் குடுக்கல. அப்ப இந்த ரத்தத்த யாரு கொண்டு போறா?" என்று கேட்டார் டாக்டர். "ஆம்பளைக்கு இந்த வயசுல இரும்பு வத்துனா, உள்ள எங்கயோ ஒழுகுதான்னு பாத்தே ஆகணும். இரைப்பையையும் பெருங்குடலையும் குழாய் விட்டுப் பாத்துருவோம்."

இரைப்பை சுத்தமாக இருந்தது. பெருங்குடலின் வலப்பக்கத் தொடக்கத்தில் கட்டி இருந்தது. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது, ஸ்கேனில் பக்கத்து நெறிக்கட்டிகளும் வீங்கித் தெரிந்தன. அந்த இடத்தில் குடல் அகலம், மலமும் தண்ணியாக ஓடுகிற இடம். அதனால் அடைப்போ வலியோ காட்டாமல், சொட்டுச் சொட்டாக மலத்தோடு கலந்தே ரத்தம் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

சிராஜுதீன் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றார். யாரோ ஒருவருடைய சங்கதியைக் கேட்பதுபோல் இருந்தது அவருக்கு. பயம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. மேசை மேலிருந்த தன் கையைப் பார்த்தார், அதுவும் யாருடையதோ போலத்தான் கிடந்தது.

மும்தாஜ் பேகம்தான் கேட்டாள். "அந்த மொத முகாமப்பவே இங்க வந்திருந்தா?"

டாக்டர் ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்த்தார். "இன்னும் சின்னதா இருக்கையிலேயே பிடிச்சிருக்கலாம். இப்பவும் வழி இருக்கும்மா. ஆபரேஷன் பண்ணி, பெறவு மருந்து ஏத்தணும். ஆனா அன்னைக்கு இருந்த அளவு நம்பிக்கைய இன்னைக்கு என்னால தர முடியாது."

"டாக்டரம்மா" என்று சிராஜுதீன் வாய் திறந்தார். "நான் கடைசியாக் குடுத்த ரத்தம் யாருக்காவது ஏறியிருக்குமே. பெத்த பொம்பளையோ, சின்னப் பிள்ளையோ... அவங்களுக்கு இது வந்துராதே?"

"வராது பாய். அப்படிப் பரவுனதா ஆராய்ச்சியில தெரியல. ரத்த வங்கிக்கு நாங்க தகவல் சொல்லிருதோம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அத்தனை நேரமும் வராத மூச்சு அப்போதுதான் அவருக்கு வந்தது.

மும்தாஜ் பேகம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷத்தில் அவள் குரல் ஒரு நாளும் அப்படி உடைந்ததில்லை.

"மூஞ்சி தெரியாதவங்களுக்கெல்லாம் கேட்டுட்டீங்க மச்சான். எனக்கு என்ன ஆகும்னு எப்பக் கேப்பீங்க?"