டிசம்பரா, மார்ச்சா?

அந்த மின்னஞ்சலை நான் ஐந்து தடவை படித்தேன். இரண்டு தடவை கிள்ளானிலிருந்து வரும் கொம்யூட்டர் ரயிலில் நின்றுகொண்டு, இரண்டு தடவை பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் என் மேசையில், ஒரு தடவை வீட்டில் சோறு வெந்துகொண்டிருக்கும்போது. ஒவ்வொரு தடவையும் எனக்கு வேறு வேறு மாதிரி புரிந்தது. இருபது வருடமாக ஆபீஸ் வேலை பார்க்கிறவள், மற்றவர்களுக்குப் பாரம், அதாவது படிவம், நிரப்பிக் கொடுப்பவள் என்று பெயரெடுத்தவள், ஒரு மெயிலில் இப்படி மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவில்லை.

எங்கள் கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் சென்னையில். இங்கே மலேசியாவில் நாங்கள் உள்ளூர்க்காரர்கள் ஒன்பது பேர். மூன்று மாதம், நான்கு மாதம் என்று வேலைக்கு வந்து போகும் சென்னைக்காரர்கள் ஐந்தாறு பேர். அவர்களுக்குச் சம்பளம், வரி எல்லாம் அங்கேயே. அந்த வருடம் ஃபைனான்ஸ் மேனேஜரும் சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்தார். நல்ல பெண்மணிதான். ஆனால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது அவருக்குப் பிடிக்காது. அதனால் இரண்டு நாட்டு ஆட்களுக்கும் சேர்த்து ஒரே மெயிலாக அனுப்பிவிட்டார்.

வருடக் கடைசி, முதலீட்டு ஆதாரங்களையும் செலவுத் தொகைகளையும் கொடுக்கக் கடைசித் தேதி என்று தலைப்பு. அதற்குக் கீழே ஒரு பெரிய அட்டவணை. ஒரு பக்கம் மலேசியா, ஒரு பக்கம் சென்னை. எங்களுக்கு வருடம் டிசம்பரில் முடிகிறது. அவர்களுக்கு மார்ச்சில் முடிகிறது. ஆகவே ஒரே தலைப்புக்குள் இரண்டு வருடக் கடைசி. அட்டவணைக்குக் கீழே நட்சத்திரக் குறி போட்டு நாலு வரி, அந்த நாலு வரிக்கு விளக்கமாக இன்னொரு நட்சத்திரம். என் கைப்பேசித் திரையில் அட்டவணையின் பாதி வெளியே போய்விட்டது. மீதிப் பாதி யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் ரயில் சுபாங் ஜெயா ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது.

முதலீட்டு ஆதாரம் என்ற சொல்லே எங்களுக்குப் புதிது. எங்களுக்கு டிபி ஒன் என்று ஒரு பாரம் உண்டு. இன்சூரன்ஸ், பிள்ளையின் படிப்புச் சேமிப்பு, ஓய்வுக்கால சேமிப்பு என்று அந்த வருடம் கட்டியதை அதில் எழுதிக் கொடுத்தால் சம்பளத்தில் பிடிக்கும் வரி குறையும். டிசம்பர் சம்பளம் போடுவதற்குள் கொடுக்க வேண்டும். இந்த வருடம் ரசீது நகல்களும் வேண்டும் என்று மேனேஜர் எழுதியிருந்தார். முதலீட்டு ஆதாரம் என்பது இதைத்தான் என்று விளங்கவே எனக்கு ஒரு நாள் ஆனது.

சந்தேகம் கேட்கலாம் என்று அவர் அறைக்குப் போனேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மெயில்லயே எல்லாம் இருக்குங்களே. கொஞ்சம் நிதானமா படிச்சுப் பாருங்க."

குரலில் கோபமெல்லாம் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. இனி இந்த அம்மாவிடம் எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்தேன். எனக்கு இந்த வீம்பு சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் கெட்டது அதிகம், இதையும் சேர்த்து.

எங்கள் டெஸ்பாட்ச் அண்ணன், மோட்டார் சைக்கிளில் கடிதமும் காசோலையும் கொண்டுபோய்க் கொடுப்பவர், அந்த வாரம்தான் என் மேசைக்கு வந்தார். அவருக்கு மெயில் கணக்கு இருக்கிறது, திறக்க மாட்டார். கம்பெனி விஷயம் எதுவானாலும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பத்து வருட வழக்கம். கையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கின் ரசீது. தொள்ளாயிரத்து ஐம்பது ரிங்கிட்.

அவர் மனைவிக்குப் பல்லெல்லாம் போய்விட்டது. இரண்டு வரிசையும் செயற்கைப் பல் கட்ட வேண்டும். கம்பெனி மருத்துவப் படியாக வருடத்துக்கு ஆயிரம் ரிங்கிட் தருகிறது, மனைவிக்கும் செல்லும், பல்லுக்கும் செல்லும். ஆனால் முதலில் நாம் கட்டிவிட்டு ரசீது கொடுத்துத்தான் திரும்ப வாங்க வேண்டும். அண்ணன் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மேல் வரிசை இந்த வருடத்துப் படியில், அதைக் கட்டி முடித்த ரசீதுதான் இது. அந்தப் பணம் கைக்கு வந்ததும் அதையே கொடுத்து ஜனவரியில் கீழ் வரிசை. அதற்கு அடுத்த வருடத்துப் படி. வருடம் மாறும் இடத்தில் வாயை இரண்டாகப் பிரித்துவிட்டார். எனக்கு அவர் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"இது எப்ப வரைக்கும் கொடுக்கலாம்மா? மெயில் வந்திருக்காமே, ஆள் ஆளுக்கு பேசிக்கிறாங்க."

அன்று டிசம்பர் பதினாறு. என் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்ப வேண்டிய பிரீமியக் கடிதம் இன்னும் வரவில்லை. மேனேஜர் டிபி ஒன்னுக்கு மறுநாள்வரை கெடுவை நீட்டித்திருந்தார். நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, அரைமணி நேரமாக அவர்கள் போடும் பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். பதில் சொல்லும் பொறுமை இல்லை. எனக்கே பதில் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ளவும் மனமில்லை. பக்கத்து மேசையில் சென்னை இன்ஜினியர் ஒருவர் இருந்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு அவரிடம் கேட்டேன்.

"சார், மெடிக்கல் பில்லு எப்ப வரைக்கும் கொடுக்கலாம்?"

"அதுக்கு மார்ச் பத்து வரைக்கும் டைம் இருக்கு மேடம். இன்வெஸ்ட்மென்ட் புரூஃப்தான் அர்ஜென்ட்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பக்கத்துத் தேதியைச் சொன்னார். எந்த நாட்டுக்கு என்று நான்தான் சேர்த்துக் கேட்கவில்லை. என்னிடம் இருந்த ஐந்து விதமான புரிதலில் ஒன்றோடு அது பொருந்தியும் போனது.

"மார்ச் வரைக்கும் டைம் இருக்குண்ணே. அவசரமில்ல. வருஷம் பொறந்ததும் கொண்டாங்க, நான் போட்டுத் தரேன்."

"அப்ப சரிம்மா," என்று சொல்லி உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் என் இன்சூரன்ஸ் கடிதம் வந்து சேர்ந்தது. நகலெடுத்து, பாரத்தோடு சேர்த்து, மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தபோது ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

ஜனவரி முதல் வாரத்தில் அண்ணன் ரசீதோடு வந்தார். நான் கிளெய்ம் பக்கத்தைத் திறந்து தொகையை அடித்தேன், ரசீதின் தேதியை அடித்தேன். சிவப்பில் ஒரு வரி வந்தது. போன வருடத்து ரசீது ஏற்கப்படாது என்றது. தேதியைத் தப்பாக அடித்துவிட்டேன் போல என்று மறுபடி அடித்தேன். மறுபடி சிவப்பு. கம்ப்யூட்டர் கோளாறு, மத்தியானம் பார்க்கலாம் என்று அவரை அனுப்பினேன். அனுப்பிய பிறகு பழைய மெயிலைப் பெரிய திரையில் திறந்தேன். அட்டவணை முழுசாகத் தெரிந்தது. மலேசியா பக்கத்தில், மருத்துவப் படியும் அடங்கிய செலவுத் தொகை என்ற வரிசையில், டிசம்பர் பதினெட்டு என்று கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. இத்தனை தடவை படித்தும் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வீம்பையெல்லாம் விட்டுவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"கணக்கை மூடி ஆடிட்டருக்கு அனுப்பியாச்சுங்க. போன வருஷத்துப் படி அந்த வருஷத்தோட முடிஞ்சிடும், அதான் பாலிசி," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். "ஒரு பில் வர வேண்டியிருக்குன்னு மூடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பணத்தை பிராவிஷன்னு தனியா எடுத்து வெச்சிருப்பேன். ஏன் கேக்கலை?"

நீங்கள்தானே படித்துப் பார்க்கச் சொன்னீர்கள் என்பது வாய்வரை வந்து நின்றது. அவர் சென்னைக்கும் எழுதிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டும் பார்த்தார். முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அன்று நான் கிளம்பியபோது அவர் சும்மா ஒரு விஷயம் சொன்னார்.

"நீங்க அந்த இன்சூரன்ஸ் லெட்டருக்கு அவ்ளோ அலைஞ்சிருக்க வேண்டாம். அது லேட் ஆனாலும் நஷ்டமில்ல. வரி ஃபைல் பண்றப்ப நீங்களே கழிச்சுக்கலாம், அதிகமா பிடிச்சது திரும்ப வந்துடும். கிளெய்ம்தான் போனா போனது."

அப்படியானால் அந்த வாரம் முழுவதும் நான் துரத்திக்கொண்டிருந்தது காத்திருக்கக்கூடியது. அவசரமில்லை என்று திருப்பி அனுப்பியதுதான் காத்திருக்க முடியாதது.

அண்ணனிடம் உள்ளதைச் சொன்னேன். என் தப்பு, நான் பார்த்த பக்கம் தப்பு, அந்தப் பணத்தை நானே தருகிறேன் என்றேன். அவர் ரசீதை மடித்து உறைக்குள் வைத்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க காசு எனக்கு எதுக்கும்மா? விடுங்க. கீழ் பல்லு கொஞ்சம் லேட்டாகும், அவ்ளோதான் லா."

மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு பங்சாருக்குக் காசோலை கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கரும்பு வாங்கப் போனேன். நல்ல கூட்டம். யாரோ கையைப் பிடித்தார்கள். திரும்பினால் அண்ணனின் மனைவி. கம்பெனி விருந்துகளில் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். மேலே வரிசையாக வெள்ளைப் பல், கீழே வெறும் ஈறு. அதைக் காட்டக் கூச்சம்.

"கரும்பெல்லாம் இந்த வருஷம் எனக்கு இல்ல, பிள்ளைங்களுக்குத்தான்," என்றார். பேச்சு கொஞ்சம் குழறியது. "உங்களப் பத்தி அவரு எப்பவும் சொல்வாரு. ஆபீஸ்ல பாரமெல்லாம் நீங்கதான் எழுதிக் கொடுக்கிறீங்களாம். நீங்க இல்லாட்டி அவருக்கு ஒண்ணுமே நடக்காதாம்."

அவர் என் கையை விடவில்லை.

"அப்படி நீங்க இருந்தும் பாருங்களேன், அந்தப் பல்லு பில்லை கடைசி நாளைக்குள்ள கொடுக்க மறந்துட்டாராம். சட்டைக்குள்ளயே வெச்சு சுத்திக்கிட்டு இருந்திருக்காரு. நான் ரெண்டு நாள் பேசவே இல்ல. நல்லா ஏசிட்டேன்."

அண்ணன் அப்படித்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார். ஏன் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. என்னைக் காப்பாற்றவா, இல்லை என்னை நம்பி ஏமாந்ததை மனைவியிடம் சொல்ல வெட்கப்பட்டா, தெரியவில்லை. இல்லைக்கா, நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். கரும்புக்காரர் சில்லறையை நீட்டினார். அந்த அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாக்கா," என்றேன். "அண்ணனுக்கு மறதி ஜாஸ்திதான்."

அவர் மறுபடியும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.